சழியனா, செழியனா?

சென்னை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, ஒரு நாற்பது சொல். இங்கே ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் மாங்குளம் கல்வெட்டின் மைப்படியைச் சட்டமிட்டு மாட்டப்போகிறார்கள். அதன் கீழே ஒட்டும் விளக்க அட்டையை எழுதித் தரச் சொன்னார்கள். நாற்பது சொல்லுக்குள் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓய்வுபெற்ற மனுஷனுக்கு இதைவிட வேறென்ன வேலை என்று ஒப்புக்கொண்டேன். இப்போது தூக்கம் போய்விட்டது.

நாம் இருவரும் மேலூர்ப் பக்கம் ஓவாமலை ஏறியது ஞாபகம் இருக்கிறதா? குகைத்தளத்தின் நெற்றியில் அந்த எழுத்தைப் பார்க்க நீ படுத்தேவிட்டாய். அதே கல்வெட்டுதான். நம் ஆட்கள் பிரித்து அச்சிடும் வாசகம் இது:

கணிய் நந்தஅ ஸிரிய்இ குவ்அன்கே தம்மம் இத்தஅ நெடுஞ்சழியன் பணஅன் கடல்அன் வழுத்திய் கொட்டுபித்தஅ பளிஇய்

பொருள் உனக்குத் தெரியும். கணி நந்தஸிரி குவன் என்ற சமணத் துறவிக்கு அறமாக, நெடுஞ்செழியனின் பணவன் கடலன் வழுதி வெட்டுவித்துக் கொடுத்த பள்ளி. இதை அட்டையில் போட்டால் முடிந்ததே என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் தொல்லை அந்த ‘அ’க்கள். அருங்காட்சியகத்தில் ஒரு பெண் கேட்டாள்: “ஐயா, கடல்அன் என்றால் கடல், அன் என்று இரண்டு சொல்லா?” நல்ல கேள்வி. நம் வாத்தியார் கரும்பலகையில் ‘மகன்’ எழுதிக் காட்டிய பாடத்தை அவளுக்கு அப்படியே சொன்னேன். நாம் இன்று எழுதும் ‘க’வில் அகரம் தானாகவே இருக்கிறது, அதைப் போக்கத்தான் புள்ளி வைக்கிறோம். இந்தக் கல்லில் உள்ள பழைய தமிழ்ப் பிராமி முறையில் அது தலைகீழ். எழுத்து வெறுமனே நின்றால் அது மெய், க். பக்கவாட்டில் ஒரு சிறு கோடு இழுத்தால் ‘க’ ஆகலாம், ‘கா’வும் ஆகலாம். இரண்டுக்கும் ஒரே கோடுதான். அதனால் ‘மகன்’ என்று எழுத ம-வுக்கு ஒரு கோடு, க-வுக்கு ஒரு கோடு, ன் வெறுமனே. இன்றைய கண்ணோடு படிப்பவன் அதை ‘மாகான’ என்று படிப்பான், அது எந்த மொழி என்று திகைப்பான்.

இதைப் புரிந்துகொண்டால் ‘கடல்அன்’ தானாக அவிழ்ந்துவிடும். ல் வெறும் மெய்யாக நிற்கிறது, அதன் உயிரைக் கோடாக இழுக்காமல் ‘அ’ என்ற தனி எழுத்தாகப் பக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள். ல் + அ = ல. கடலன். அவ்வளவுதான். குவ்அன்கே என்பதும் குவன்கே. ‘இத்தஅ’வை ஒரு பதிப்பில் அப்படியும் இன்னொன்றில் ‘இத்தாஅ’ என்றும் பார்க்கிறோமே, அந்தக் குழப்பமும் இதே கோட்டால் வந்ததுதான். அந்தக் கோட்டைக் குறிலாக எடுப்பதா நெடிலாக எடுப்பதா என்று கல் சொல்லாது, சொல்லும் இடமும்தான் சொல்லும். இங்கே ‘ஈத்த’ என்ற பொருள் வேண்டும், ஆகவே குறில்.

ஒரு கல்வெட்டு இந்த முறையில் எழுதியதா, பிந்திய முறையில் எழுதியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் அந்தப் பெண் கேட்டாள். உறுதியாகத் தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள் என்றேன். கட்டாயம் குறில் வரவேண்டிய இடத்தில் கோடு இருந்தால் பழைய முறை. குறிலுக்குக் கோடே இல்லாமல் நெடிலுக்கு மட்டும் கோடு வந்தால் அடுத்த முறை. அதில் வெறும் எழுத்து மெய்யும் ஆகும், அகரம் ஏறியதும் ஆகும். புள்ளி கண்ணில் பட்டால் அதற்கும் பிந்தியது. ஆனால் பாறைக் குழியையும் சுண்ணாம்புப் பொத்தலையும் புள்ளி என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. என்னையும் சேர்த்துத்தான்.

1924-இல் இதே சென்னையில் நடந்த கீழ்த்திசை மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய அய்யர் இந்தக் குகைக் கல்வெட்டுகள் தமிழே என்று காட்டினாரே, அதை அட்டையில் சேர்க்க ஆசைப்பட்டேன். நாற்பது சொல்லில் இடம் இல்லை, விட்டுவிட்டேன். மனசு கேட்கவில்லை, உனக்காவது சொல்கிறேன்.

சரி, இரண்டாவது தொல்லைதான் பெரிது. மூன்று வரியாக எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் கல்லில் உள்ளபடி. இரண்டாவதில் சொல் பிரித்து, ‘நந்தஸிரி, குவன்கே, கடலன், கொட்டுபித்த பளி’ என்று. மூன்றாவதில் இன்றைய தமிழ். மெய்ப்பு வந்தது. தட்டச்சு செய்தவர் என்மேல் இரக்கப்பட்டு எல்லாவற்றையும் திருத்தியிருந்தார். ‘நெடுஞ்செழியன்’. ‘பள்ளி’. ‘கொட்டுவித்த’. ‘கடல் அன்’ என்று நடுவில் ஓர் இடைவெளி வேறு. பிழை இல்லாத நல்ல தமிழ், ஆனால் கல்லில் இல்லாத தமிழ்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானே முதல் வரைவில் என்னை அறியாமல் ‘செழியன்’ என்றுதான் எழுதியிருந்தேன். கை பழகிய சொல். கல்லில் ச-வுக்கு எகரக் குறி இல்லை. சழியன்தான். சங்கப் பாட்டில் செழியன் என்று படித்த காதுக்கு அது பிழைபோல் கேட்கும். அது பிழையா, அந்த ஊர் ஒலிப்பா என்று தீர்ப்புச் சொல்வது விளக்க அட்டையின் வேலை இல்லை. எனவே முதல் இரண்டு வரியில் சழியன், மூன்றாவதில் மட்டும் செழியன். ‘பளி’யும் ‘கொட்டுபித்த’வும் அப்படியே. ‘பி’ பிற்காலத்தில் ‘வி’ ஆனதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும், அதில்தானே ருசி.

அப்புறம் காப்பாளர் இன்னொன்று கேட்டார்: “இது தலையாலங்கானத்து நெடுஞ்செழியன் என்று போட்டுவிடலாமா? மக்களுக்குப் பிடிக்கும்.” மாட்டேன் என்றேன். ஆரியப்படை கடந்தவனும் நெடுஞ்செழியன்தான், கல்லில் அடைமொழி இல்லை. காலமும் எழுத்தின் அமைப்பைப் பார்த்துச் சொல்வதுதான். அரசாட்சியாண்டு எதுவும் வெட்டப்படவில்லை. ‘எழுத்தமைதியைக் கொண்டு கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பர்’ என்று எழுதினேன். அந்த ‘என்பர்’ ஒரு சொல்தானே, வெட்டிவிடலாமா என்று கேட்டார். அதற்காக ‘கல்வெட்டு’ என்ற சொல்லைத் தியாகம் செய்தேன். பார்ப்பவர்களுக்குக் கல்வெட்டு என்று தெரியாமலா போகும்!

வீட்டில் எல்லாரும் நலம். முழங்கால் வலி அப்படியே. மூத்தவள் மறுபடியும் வீடு மாறியிருக்கிறாள், வேளச்சேரிப் பக்கம். முதல் மழைக்கே தெருவில் தண்ணீர். உன் கண் அறுவை சிகிச்சை என்ன ஆயிற்று என்று எழுதவே இல்லையே நீ?

ஒரே ஒரு சொல் மிச்சம். ‘பணஅன்’. இரண்டாவது வரியில் ‘பணவன்’ என்று போட்டுவிட்டேன். மூன்றாவது வரிக்கு ‘பணியாளன்’ என்றால் வீட்டு வேலைக்காரன்போல் இருக்கிறது, ‘அதிகாரி’ என்றால் தாசில்தார் வாசனை அடிக்கிறது. வழுதி என்பது பாண்டியர் பெயர் ஆயிற்றே, அப்படிப்பட்டவனை என்னவென்று சொல்வது? புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் ராமு