நடுகல்லின் அடித்தட்டைப் புதைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புலியோடு சண்டையிட்டு மாண்ட வீரர்களுக்கு நட்ட நடுகற்களான கொங்கு நாட்டுப் புலிகுத்திக் கற்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் அடுக்கடுக்காகச் செதுக்கிய கற்களைப் பற்றிச் சொல்லும்போது, மேலிருந்து கீழாக வாசித்திருக்கிறார்கள். அதனால் "சிவனை வணங்கிவிட்டுப் போருக்குப் போன வீரன்" என்று கதையே தலைகீழாகிவிட்டது.

அந்தக் கற்களைக் கீழிருந்துதான் வாசிக்க வேண்டும். அடித்தட்டில் இருப்பது அவன் இறந்த நிகழ்ச்சி. நடுத்தட்டில் தேவமகளிர் இருபுறமும் நின்று அவனை மேலே அழைத்துப் போகிறார்கள். மேல்தட்டில் லிங்கத்தின் அருகே அவன் கைகூப்பி அமர்ந்திருக்கிறான். மேல் இரண்டு தட்டுகளும் கல்லுக்குக் கல் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அவன் யார், எதற்காகச் செத்தான் என்பதற்குத் துப்பு அடித்தட்டில்தான் கிடைக்கும். எதிரே விலங்கு இல்லாமல் பின்னால் மாடுகள் நின்றால் பெரும்பாலும் ஆநிரைச் சண்டை. எதிரே விலங்கு பின்னங்காலில் எழுந்து நின்றால் அதன் முகத்தையும் வாலையும் பார்க்க வேண்டும்: நீண்ட வால் வளைந்து மேலே ஏறினால் புலி, மூக்கு நீண்டு கோரைப்பல் தெரிந்தால் பன்றி. கூடவே ஒரு நாய் விலங்கைக் கடிப்பதும் உண்டு. பக்கத்தில் ஒரு பெண் கையை உயர்த்தி நின்றால், அவனோடு தீப்பாய்ந்த மனைவி என்று கொள்வது வழக்கம்.

நம் பக்கத்தில் முதலில் மறைவது இந்த அடித்தட்டுதான். கல்லுக்கு மேடை கட்டுகிறோம், கான்கிரீட் போடுகிறோம், டைல்ஸ் ஒட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் தரை மேலே ஏறுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கல்லில் லிங்கமும் கைகூப்பிய ஆளும் மட்டும் வெளியே தெரிந்ததால், அதைச் சாமியார் கல் என்றே கும்பிட்டு வந்தார்கள். திருப்பணிக்காகப் பழைய தளத்தை உடைத்தபோது அடியில் ஈட்டியும் கையுமாக ஒருவன், அவன் முன்னால் புலி, பின்னால் இரண்டு மாடுகள். சாமியார் இல்லை, பட்டியைக் காக்கப் போய் மாண்ட ஒரு மாட்டுக்காரர். இன்றைக்குப் புலி வாடையே இல்லாத மேட்டாங்காட்டில் அந்தக் கல் நிற்கிறது.

கும்பிடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணெய் சாத்துங்கள், பொங்கல் வையுங்கள். தளம் போடுவதற்கு முன் மட்டும் கல்லைச் சுற்றி மண்ணைக் கையால் விலக்கி, சிற்பம் எதுவரை போகிறது என்று பாருங்கள். அடியில் எழுத்தும் இருக்கலாம். கம்பி பிரஷ் வேண்டாம், பெயின்ட் வேண்டாம். தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடுத்தால், தேய்ந்த கோடுகூடத் தெரியும். அப்புறம் தொல்லியல் துறைக்குச் சொல்லிவிட்டு, அடித்தட்டு முழுவதும் வெளியே தெரியும்படி மேடையைத் தாழ்வாகக் கட்டலாம்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, கல்லின் அடிப்பகுதிப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காங்கேயம்.