ஈஸ்ட் ஹாம் கடை அக்காவுக்கு

மகள் பிறந்து ஒன்பது நாள். ஒரு கையால் தட்டச்சு செய்கிறேன். இந்தக் கர்ப்பகாலத்தில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இது.

2024 ஜனவரி முதல் முதுகலை மாணவர்கள் பெரும்பாலோர் குடும்பத்தை இங்கிலாந்துக்குக் கூட்டி வர முடியாது. அதனால் கணவர் மதுரையில், நான் லண்டனில். பிரசவச் செலவுக்குப் பில் வருமோ என்று பயந்து பதினேழாம் வாரம் வரை எங்கும் போகவில்லை. விசாவோடு கட்டிய மருத்துவக் கட்டணத்திலேயே அது அடங்கும் என்று சொல்லி, அன்றிரவே மருத்துவமனையின் இணையப் படிவத்தை நிரப்ப வைத்த அறைத் தோழிகளுக்கும், வரிசையில் எனக்காக நின்ற வகுப்பு நண்பர்களுக்கும், போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்த மிட்வைஃபுக்கும் நன்றி.

இனி கடை அக்கா.

கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்லி, விரலில் குத்திப் பார்க்கும் மெஷினைத் தந்திருந்தார்கள். இங்கே மில்லிமோல் கணக்கு: வெறும் வயிற்றில் 5.3-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8-க்குக் கீழே இருக்க வேண்டும். எனக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 9.6. கையேட்டில் இருந்ததெல்லாம் ரொட்டியும் ஓட்ஸும். இட்லிக்கு அதில் இடமில்லை. ஒரு வாரம் பயத்தில் பாதி பட்டினி.

கல்லாவில் காசு நீட்டியபோது அக்கா என் விரல்களைப் பார்த்தார். "சுகர் பாக்கிறியளோ பிள்ளை? எனக்கும் ரெண்டாவது வயித்தில இருக்கேக்க வந்தது. நுனியில குத்தாதேங்கோ, பக்கத்தில குத்துங்கோ. முதல்ல கையைக் கழுவுங்கோ. பழம் தொட்ட கையெண்டா பொய்யாக் காட்டும்."

வரிசை நீண்டது. அவர் விடவில்லை. காலையில்தான் உடம்பு சர்க்கரையை மோசமாகத் தாங்கும், அதனால் இட்லியை மதியத்துக்குத் தள்ளுங்கோ என்றார். காலைக்கு இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், பத்து நிமிட நடை. மறுநாள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கடலைச் சுண்டலே வந்தது. 9.6 இருந்த இடத்தில் 7.1. மெஷினை வைத்துக்கொண்டு அழுதேன். மதியம் மூன்று இட்லி, சாம்பார்: 7.6.

வெறும் வயிற்று அளவு மட்டும் இறங்கவே இல்லை, 5.7, 5.8. மெட்ஃபார்மின் மாத்திரை எழுதினார்கள். தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். "அது ராத்திரி முழுக்க ஈரல் விடுற சர்க்கரை, நீங்கள் திண்டதில்லை" என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த ஆளின் வெங்காயத்தை நிறுத்தார்.

பிறந்ததும் குழந்தையின் குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். அளவு சரி. எனக்கு ஆறு வாரம் கழிந்து ஒரு பரிசோதனை, பிறகு வருடத்துக்கு ஒன்று. தவறவிட மாட்டேன் அக்கா, சத்தியம்.

டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பாள் அம்மா. கேசரி செய்யலாம் என்றால் உங்களுக்கும் இப்போது சுகர். சுண்டல்தான் வரும், சனிக்கிழமை, மகளோடு.