மாலதிக்கு: அரிசி டிரம்மும் மூக்குக்கண்ணாடியும்

அன்புள்ள மாலதி,

சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ரவி சொன்னான். கட்டை அவிழ்த்ததும் முதலில் உன்னைத்தான் திட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மற்ற கதைகள் நேரில். உன் அனிமேஷன் படத்துக்கு மாதிரி ஓட்டமாக நீ அனுப்பிய அனிமேட்டிக் பற்றி உடனே சொல்லியாக வேண்டும். அடுத்த வாரம் வண்ணம் தொடங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து தொடங்காதே!

கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆத்தாவின் மூக்குக்கண்ணாடியைத் தங்கம் உடைத்துவிடுகிறாள், அரிசி டிரம்முக்குள் ஒளிக்கிறாள், தம்பி அதைப் பார்த்துவிடுகிறான், ஆத்தா உலை வைக்க அரிசி அளக்க வருகிறாள். ஒன்றரை நிமிடத்துக்கு இது போதும். ஆனால் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார். கண்ணாடி எங்கே போனது என்று யாருக்கும் புரியாது.

காரணம் உன் 4-ஆம் ஷாட். தங்கத்தை இடுப்புக்கு மேல் மிட் ஷாட்டில் வைத்திருக்கிறாய். அவள் கை டிரம்முக்குள் போகும்போது ஃப்ரேமுக்குக் கீழே மறைந்துவிடுகிறது. முகம் அழகாக வந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நொடியில் கதை அவள் கையில் இருக்கிறது. ஷாட்டின் அளவை முடிவு செய்வதற்கு முன்னால், பார்ப்பவருக்கு இங்கே எது தெரிய வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிக்கொள். அந்த வரியில் வரும் பொருள் எல்லாம் ஃப்ரேமுக்குள் இருக்க வேண்டும், மற்றது வெளியே போகலாம்.

இந்த இடத்துக்கு மூன்று ஷாட் போடுவேன். முதலில் முழு அறையும் தெரியும் வைடு, மூன்று நொடி: இடப்பக்கம் கட்டில், நடுவில் வாசல், வலப்பக்கம் டிரம், டிரம் முன்னால் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கம். அதே வைடில் வாசலில் தம்பியைச் சின்னதாக நிறுத்திவிடு. அடுத்தது கையும் கண்ணாடியும் மட்டும் தெரியும் டைட் க்ளோஸ், 36 ஃப்ரேம். கண்ணாடி அரிசியில் புதைவதற்கு முன் குறைந்தது 12 ஃப்ரேமாவது அசையாமல் தெரியட்டும். ஷாட் மாறியதும் எங்கே பார்ப்பது என்று கண் தேட அரை நொடி ஆகும், நீ அதற்குள் மூடிவிட்டால் பார்த்ததாகவே கணக்கில்லை. மூன்றாவது தங்கத்தின் முகம், திரும்பிப் பார்க்கிறாள்.

தம்பியை வைடிலேயே காட்டுவதில் ஒரு லாபம் உண்டு. இப்போது நீ வைத்திருப்பதுபோல் பிறகு காட்டினால் ஒரு நொடித் திடுக்கிடல்தான் கிடைக்கும். முன்னாலேயே காட்டினால், தங்கத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரியும், அவள் திரும்பும் வரைக்கும் மனசு அடித்துக்கொள்ளும்.

க்ளோஸ்-அப்பை வாரி இறைத்திருக்கிறாய். 22 ஷாட்டில் 11 க்ளோஸ். பக்கத்தில் சின்னது இருந்தால்தான் பெரிய முகம் பெரிதாகத் தெரியும். அரிசி அளக்கும் படி கண்ணாடியில் இடித்து ஆத்தாவின் கை நிற்கிறதே, படத்திலேயே பெரிய முகம் அங்கே ஒருமுறை மட்டும் வரட்டும். அதுவரை அவளை முழு உருவத்தைவிட நெருங்காதே.

அடுத்தது கேமரா. 7-ஆம் ஷாட்டில் கட்டிலில் இருந்து டிரம் வரைக்கும் கேமராவைப் பக்கவாட்டில் ஓட்டிப் பேன் செய்கிறாய், யாரையும் பின்தொடராமல். ஒரு ஃப்ரேம் அகலம், 1920 பிக்ஸல், இரண்டு நொடியில். 48 ஃப்ரேமுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 40 பிக்ஸல். நடுவில் ஜன்னல் கம்பிகள் வேறு. செங்குத்துக் கோடுகள் இந்த வேகத்தில் வழுக்கிப் போகாது, தத்தித் தத்தித் துடிக்கும். நகரும் தூரம் இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டால் கம்பிகள் பின்னோக்கிப் போவதுபோல்கூடத் தோன்றும். ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏழு நொடி எடுத்தால் துடிப்பு கண்ணில் படாது என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய கணக்கு. உன்னிடம் ஏழு நொடி இல்லை. அதனால் அந்தப் பேனை எடுத்துவிடு. கட்டிலும் டிரம்மும் எங்கே இருக்கிறது என்று முதல் வைடே சொல்லிவிட்டது.

ஆத்தா நடந்து வரும் 14-ஆம் ஷாட்தான் எனக்குப் பெரிய கவலை. கேமரா அவளோடு கூடவே போகிறது. கேமரா ஒவ்வொரு ஃப்ரேமும் நகர்கிறது, ஆத்தாவோ டூஸில், இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம். பின்னணி ஒழுங்காக ஓடும்போது அவள் மட்டும் முன்னும் பின்னுமாக நடுங்குவாள். அனிமேட்டிக்கில் இது தெரியாது, ஃபைனலில்தான் வெடிக்கும். அவளுடைய இடத்தை மட்டும் ஒன்ஸில், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும், நகர்த்தினால் நடுக்கம் போகும், ஆனால் தரையில் ஊன்றிய கால் வழுக்கும். ஒழுங்காகச் செய்ய அந்த நடை முழுவதையும் ஒன்ஸில் வரைய வேண்டும், வேலை இரட்டிப்பு.

அதற்குப் பதிலாகக் கேமராவை அசைக்காமல் நிறுத்திவிடலாம் என்பது என் எண்ணம். வைடு, முன்னால் வலப்பக்கம் தங்கத்தின் தலை, பின்னால் ஆத்தா கட்டிலில் இருந்து எழுந்து இடமிருந்து வலமாக மெதுவாக டிரம்மை நோக்கி நடக்கிறாள். மீதி இருக்கும் தூரம் குறைவது கண்ணுக்கு நேராகத் தெரியும். கேமரா கூடவே போனால் ஆத்தா எப்போதும் ஃப்ரேமின் நடுவிலேயே இருப்பாள், அந்தத் தூரமே காணாமல் போய்விடும்.

அசைவு வேண்டிய ஒரே இடம், படி இடித்த பிறகு ஆத்தாவை நோக்கி மெல்ல நெருங்குவது. 100-இல் இருந்து 125 சதவீதம், நான்கு நொடி, 96 ஃப்ரேம். கை நின்றதும் 12 ஃப்ரேம் சும்மா இரு, பிறகு மெதுவாக எடுத்து மெதுவாக நிறுத்து, நின்ற பிறகும் 16 ஃப்ரேமுக்குக் குறையாமல் பிடி. பிடிக்காமல் வெட்டினால் கேமராவைப் பாதியில் யாரோ பிடுங்கினதுபோல் இருக்கும். பின்னணியை 2400க்கு 1350 அளவில் தீட்டச் சொல், இல்லாவிட்டால் கடைசியில் மங்கும். டிரம்மின் விளிம்பைத் தனி லேயராக்கி, அது மட்டும் சுவரைவிட வேகமாகப் பெரிதாகட்டும். எல்லாம் ஒரே தட்டையில் பெரிதானால், சுவரில் மாட்டிய போட்டோவை முகத்துக்கு நேரே கொண்டுவருவதுபோல்தான் இருக்கும். 1937-இல் டிஸ்னியில் கண்ணாடித் தட்டுகளை அடுக்கி மல்டிபிளேன் கேமரா ஓட்டியதும் இந்தத் தட்டைத்தனத்தை உடைக்கத்தான்.

இன்னும் ஒன்று. 9-ஆம் ஷாட்டில் கேமரா அறையின் மறுபக்கம் தாண்டிவிட்டது. டிரம் திடீரென்று இடப்பக்கம் வந்து, வீட்டில் இரண்டு டிரம் இருப்பதுபோல் ஆகிவிட்டது. தங்கத்துக்கும் டிரம்முக்கும் நடுவே ஒரு கோடு கிழித்துக்கொண்டு, அதற்கு ஒரே பக்கமாக நில். படத்தை அப்படியே புரட்டிப் போட்டுச் சமாளிக்கலாம் என்று ரவி சொல்வான், கேட்காதே. ஆத்தாவின் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், நம் ஊரில் பாட்டிகள் எல்லோரும் அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். திரும்ப வரைந்துவிடு.

11-ம் 12-ம் இரண்டுமே மிட், கோணமும் ஒன்று. வெட்டும் இடத்தில் தங்கம் துள்ளுகிறாள். 12-ஐ முழு உருவமாக்கு, அல்லது கேமராவை முப்பது டிகிரியாவது சுற்றி வை.

4 முதல் 14 வரைக்கும் உள்ளங்கை அளவுப் பென்சில் கட்டங்களாக வரைந்து அனுப்பு, அழகாக இருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் நானே நேரம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். படி இடிக்கும் சத்தத்துக்கு எவர்சில்வர் படியை எடுக்காதே, பித்தளைப் படி சித்தி வீட்டுப் பரணில் இருக்கும், கேட்டு வாங்கு.

அன்புடன்,
சுதா