கணவரையும் எடை பாருங்கள்: சிங்கப்பூர்க் குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடும்ப மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் தாதி. ஒன்பது ஆண்டுகளாகக் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த மடலில் சொல்லப்போவது என் தம்பி வீட்டு விஷயம். அவனும் அவன் மனைவியும் சரி என்று சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் தம்பி மனைவி கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். வயது 31, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. 21ஆம் நாள் ரத்தப் பரிசோதனையில் புரோஜெஸ்டிரோன் குறைவு, கருமுட்டை வெளிவரவில்லை என்று குறித்திருந்தது. “பத்து கிலோ குறைச்சிட்டு ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க அண்ணி. என் உடம்புதான் காரணமாம்” என்றாள். திருமணமாகி மூன்று ஆண்டுகள், முயற்சி செய்யத் தொடங்கி 14 மாதங்கள். என் அம்மா தினமும் அவளுக்கு வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தம்பி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மருந்தகத்துக்கு அவனும் கூடப் போயிருக்கிறான், வெளியே நாற்காலியில் காத்திருந்திருக்கிறான். அவன் உயரம் என்ன, எடை என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கடைசியாக எடை பார்த்தது ரிசர்விஸ்ட் போனபோதுதான் என்றான். என் வீட்டுத் தராசில் ஏறச் சொன்னேன். 93 கிலோ. உயரம் 172 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் அவள் பிஎம்ஐ 29.6, அவனுடையது 31.4. நம் ஊரில் ஆசியர்களுக்கு 23க்கு மேல் போனாலே கவனம், 27.5ஐத் தொட்டால் அதிக ஆபத்து என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருவரும் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள். தாளில் இருந்தது அவள் எண் மட்டும்தான்.

முதலில் அந்த 21ஆம் நாள் பரிசோதனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு மாதவிடாய் 45 நாளுக்கு ஒருமுறை, சில சமயம் 50 நாளுக்கு ஒருமுறை வரும். கருமுட்டை வெளிவந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் புரோஜெஸ்டிரோன் உச்சத்துக்குப் போகும். 28 நாள் சுழற்சியில் அது 21ஆம் நாள். 45 நாள் சுழற்சியில் முட்டை வெளிவந்தாலும் அது 31ஆம் நாளையொட்டித்தான் வரும், அப்போது ரத்தம் எடுக்க வேண்டியது 38ஆம் நாள் வாக்கில். 21ஆம் நாள் எடுத்தால் முட்டை வருகிறவளுக்கும் குறைவு என்றுதான் காட்டும். சுழற்சி எத்தனை நாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தத் தாளில் அப்படி எழுதியிருக்க முடியாது. நீண்ட சுழற்சி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஆரம்பித்து, மாதவிடாய் வரும்வரை வாரம் ஒருமுறை பார்ப்பதுதான் வழி.

அவளுக்கு முட்டை வெளிவருவது அரிதாகத்தான் இருந்தது என்பதும் உண்மை. மோவாயில் முடி, கழுத்துப் பின்புறம் கறுப்புப் படிவு, எல்லாம் பிசிஓஎஸ்ஸின் அடையாளங்கள். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது உடல் இன்சுலினுக்குச் சரியாக மசிவதில்லை, அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாக உண்டாக்க வைக்கிறது. அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதையும் குறைத்துவிடுகிறது. விளைவு, முட்டைகள் வளர ஆரம்பித்துப் பாதியிலேயே நின்றுவிடுகின்றன.

இந்தச் சங்கிலியைத் தளர்த்த பத்து கிலோ தேவையில்லை. இருக்கும் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. 74 கிலோவில் 5 விழுக்காடு என்றால் நாலு கிலோகூட இல்லை. “பத்து கிலோ” என்று கேட்டவுடன் மனம் விட்டுப்போய் மூன்று வாரம் பட்டினி கிடந்து, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிடுகிற பெண்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். “முதலில் நாலு கிலோ, மாதவிடாய்த் தேதிகளைக் குறித்து வையுங்கள்” என்று சொன்னால் அது செய்யக்கூடிய காரியமாகத் தெரிகிறது. சுழற்சி சுருங்குகிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளவும் முடிகிறது.

இனி தம்பி. ஆணின் கொழுப்புத் திசுவில் ஒரு நொதி இருக்கிறது, அது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் இந்த மாற்றமும் கூடும். மூளை அந்த ஈஸ்ட்ரோஜனைப் பார்த்து, ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு விதைப்பைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடும். தொடைகளுக்கு நடுவே சூடு கூடுவதும் விந்தணு உற்பத்திக்கு நல்லதல்ல. துவாஸில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, பகலில் குறட்டையோடு அரைத்தூக்கம் தூங்குகிற ஓர் ஆண் இதை எல்லாம் தன்னோடு சேர்த்து யோசிப்பதே இல்லை. யாரும் அவனிடம் சொல்வதும் இல்லை.

விந்துப் பரிசோதனைக்கு அவனை நான்தான் அனுப்பினேன். ஒரு மில்லிலிட்டருக்கு 11 மில்லியன் அணுக்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் வரம்பு 16 மில்லியன். இது “முடியாது” என்று சொல்லும் எண் அல்ல, மாதங்களை இழுக்கிற எண். 14 மாதம் என் அம்மா ஊறவைத்த வெந்தயத்துக்கும் அவள் அழுததற்கும் பாதிக் காரணம் பக்கத்து நாற்காலியில் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடக்கவிருந்த ஒரு தவறை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் எடுத்த ரத்தத்தில் அவனுக்கு டெஸ்டோஸ்டிரோனும் குறைவாக வந்தது. ஜிம்மில் ஒருவர், “ஊசி போட்டுக்கோ, ரெண்டே மாசத்துல எல்லாம் சரியாயிடும்” என்று ஓர் இடத்தையும் சொல்லியிருக்கிறார். தம்பி முன்பதிவே செய்துவிட்டான். முதல் நாள் இரவு தற்செயலாக என்னிடம் சொன்னான். கேட்டதும் என் கைகால் நடுங்கிவிட்டது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால் மூளை தன் கட்டளையை முழுசாகவே நிறுத்திவிடும். 11 மில்லியன் பூஜ்யத்துக்குப் போகலாம், ஊசியை நிறுத்திய பிறகும் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதனால் “களைப்பாக இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள்” என்று முப்பதுகளில் ஓர் ஆண் உங்களிடம் வந்தால், குழந்தைத் திட்டம் இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.

அவர்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரவு ஷிப்டில் மூன்று தே தாரிக் குடித்தவன் தே ஓ கோசோங்குக்கு மாறினான். அதிகாலை இரண்டு மணிப் பரோட்டா போய், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் முட்டையும் சுண்டலும் வந்தது. அவள் தட்டில் சோறு பாதியானது, பருப்பும் மீனும் கூடின. மாலையில் அவன் ஷிப்ட் கிளம்புமுன் இருவரும் பூங்கா இணைப்புப் பாதையில் நாற்பது நிமிடம் நடந்தார்கள். ஐந்து மாதத்தில் அவள் 69, அவன் 84. அவள் சுழற்சி 34, 35 நாளுக்கு வந்து நின்றது. 28ஆம் நாள் எடுத்த புரோஜெஸ்டிரோன், முட்டை வெளிவந்ததைக் காட்டியது.

ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கிறது. ஆகவே இன்று எடுக்கும் விந்து மாதிரி, மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பின் கணக்கு. நாலாவது வாரமே மறுபரிசோதனை வேண்டும் என்று தம்பி அவசரப்பட்டான், நான் விடவில்லை. ஐந்தாம் மாதம் எடுத்தபோது 19 மில்லியன். இதை எடை குறைந்ததால் வந்தது என்று ஒரேயொரு மாதிரியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஒரே ஆணுக்கே மாதிரிக்கு மாதிரி எண்ணிக்கை வெகுவாக மாறும். நல்ல காய்ச்சல் ஒன்று வந்துபோனாலும் சில மாதம் கீழே இருக்கும். ஆனால் டென்மார்க்கில் உடல் பருமன் உள்ள ஆண்கள் எட்டு வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் சராசரியாக 16 கிலோ குறைத்தபோது விந்தணு அடர்த்தி ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது என்றும், எடையைத் திரும்ப ஏறவிடாதவர்களுக்கு அது நிலைத்தது என்றும் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. முயன்று பார்க்க எனக்கு அது போதும்.

எடையைக் காரணம் காட்டிக் காலத்தைக் கடத்துவதை மட்டும் செய்யாதீர்கள். நெதர்லாந்தில் பிஎம்ஐ 29க்கு மேற்பட்ட பெண்களைச் சிகிச்சைக்கு முன் ஆறு மாதம் எடை குறைப்பில் வைத்துப் பார்த்தார்கள். இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் கூடினார்கள், ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் நலமான பிரசவங்கள் கூடவில்லை. 2016இல் வந்த முடிவு அது. தம்பி மனைவிக்கு 31 வயது, ஐந்து மாதம் கொடுத்துப் பார்க்கலாம். 37 வயதுப் பெண்ணிடம் “குறைத்துவிட்டு வா” என்று சொல்லி அனுப்பும் ஆறு மாதத்தில் அவள் இழக்கும் முட்டைகளை எந்த எடைக் குறைப்பும் திருப்பித் தராது. 35ஐத் தாண்டியவர்களை ஆறு மாத முயற்சிக்குப் பிறகு நிபுணரிடம் அனுப்புங்கள், எடை வேலை பக்கத்திலேயே நடக்கட்டும். எடை குறைக்கும் ஊசியை எழுதிக் கொடுத்தால், செமாக்ளூட்டைடைக் கருத்தரிக்க முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். எடை இறங்க இறங்க முட்டை எதிர்பாராமல் வெளிவர ஆரம்பித்துவிடும்.

ஒல்லியாக இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். கல்யாணப் புடவைக்காகச் சாப்பாட்டைக் குறைத்து, தினமும் ஓடி, பிஎம்ஐ 18க்குக் கீழே போய் மாதவிடாயே நின்ற பெண்களும் எங்களிடம் வருகிறார்கள். கொழுப்பு ரொம்பவும் இறங்கினால் பிள்ளை பெறும் நேரம் இதுவல்ல என்று மூளை கதவை அடைத்துக்கொள்கிறது. அவர்களுக்கு மருந்து, நாலைந்து கிலோ ஏற்றுவதும் ஓட்டத்தைக் குறைப்பதும்தான். ஆனால் மருந்தகத்தில் அவர்களை “நீங்க ஸ்லிம்மா இருக்கீங்க, கவலை இல்லை” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

2023இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைத்தான் உங்களிடம் அழைத்து வந்தது. 34 வயது ஆண் உங்கள் கதவைத் தட்டுவது காய்ச்சலுக்கோ எம்சிக்கோ மட்டும்தான். அவன் மனைவி குழந்தைக்காக உங்கள் முன்னால் உட்காரும் அந்தப் பத்து நிமிடம்தான் அவனைப் பிடிக்க வாய்ப்பு. அவன் வெளியே நாற்காலியில் இருந்தால் உள்ளே கூப்பிடுங்கள். எடை பார்த்து, இடுப்பை ஒரு நாடாவால் அளந்து, அவள் எண்ணுக்குப் பக்கத்தில் அவன் எண்ணையும் எழுதுங்கள். விந்துப் பரிசோதனைக்கு அன்றே சீட்டுக் கொடுங்கள். அவன் வரவில்லை என்றால், எப்போது வர முடியும் என்று அவளிடம் கேளுங்கள். இரவு ஷிப்ட் முடித்து வருபவர்களுக்குக் காலை எட்டரை மணிக்கு ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தால் போதும், வீட்டுக்குத் தூங்கப் போகுமுன் வந்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஒரு தாதி, ஈசூன்