மொழிபெயர்ப்புக் கூலிக்கு மாதக் கணக்கு: மன்னார் வளைகுடாக் கரைத் தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்டப் பொறுப்பாளர்களுக்கும் கணக்குப் பிரிவினருக்கும்,

வணக்கம். மண்டபம் முதல் ஏர்வாடி வரை மீனவர்களிடமும் பாசி எடுக்கும் பெண்களிடமும் நீங்கள் கொண்டுபோகும் பயிற்சிக் கையேடுகளையும் சர்வே படிவங்களையும் தமிழாக்கித் தருபவர்களில் நானும் ஒருத்தி. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறோம். அந்தக் கூலியை உயர்த்தச் சொல்லி இதை எழுதவில்லை. வருடத்தில் எப்படியும் தரப்போகும் பணத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் உறுதியாகத் தாருங்கள் என்று கேட்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள் என்று பயிற்சிகளை அப்போது வைக்கிறீர்கள். அதற்கான கையேடுகள் மார்ச், ஏப்ரலில் வருகின்றன. நிதியாண்டு முடிவதால் அறிக்கைகளும் அப்போதே வந்து சேர்கின்றன. அந்த இரண்டு மாதம் தூங்க நேரமிருக்காது. ஆகஸ்டில் ஒரு பக்கம்கூட வராது, ஆனால் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் ஆகஸ்டிலும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனம் வருடத்துக்கு 1,20,000 சொல் தருகிறது, சொல்லுக்கு 1.50 ரூபாய் என்று வையுங்கள். மொத்தம் 1,80,000 ரூபாய். இதில் பாதி, அதாவது 60,000 சொல், மார்ச்சிலும் ஏப்ரலிலும் வருகிறது. மீதி பத்து மாதத்தில் சிதறி வருகிறது.

இதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 10,000 சொல், 15,000 ரூபாய் என்று ஒப்பந்தம் போடத்தான் முதலில் தோன்றும். அப்படிப் போட்டால் மாட்டிக்கொள்வோம். மே முதல் பிப்ரவரி வரை ஒரு லட்சம் சொல்லுக்குப் பணம் தந்திருப்பீர்கள், வேலை அறுபதாயிரத்துக்குத்தான் வந்திருக்கும். பாக்கி 40,000 சொல் மார்ச்சில் ஒரேயடியாக வந்து விழும். திருத்திப் படிப்பதையும் சேர்த்து ஒருவர் ஒரு நாளைக்கு ஒழுங்காகச் செய்யக்கூடியது 2,000 சொல். முன்பே வாங்கிய பணத்துக்காக இருபது நாள் மற்ற வேலையை எல்லாம் நிறுத்த வேண்டும். அவசரத்தில் கையேட்டில் பிழை ஏறும்.

அதனால் சராசரியை விட்டுவிட்டு, வேலை குறைந்த மாதங்களின் அளவை அடிமட்டமாக வையுங்கள். இந்தக் கணக்கில் அது மாதம் 6,000 சொல், 9,000 ரூபாய். வேலை வந்தாலும் வராவிட்டாலும் இது உண்டு. பன்னிரண்டு மாதத்துக்கு 1,08,000. மார்ச், ஏப்ரலில் கூடுதலாக வரும் 48,000 சொல்லுக்குப் பழைய வீதத்திலேயே 72,000. கூட்டினால் அதே 1,80,000 தான். பயன்படுத்தாத சொற்களை அடுத்த மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் சேர்த்துவைக்க முடியாது என்ற வரி மட்டும் ஒப்பந்தத்தில் கட்டாயம் வேண்டும். உங்களுக்கும் இதில் பலன் உண்டு: மாதத்தில் மூன்று நாள் உங்களுக்கென்றே ஒதுக்கியிருப்போம், ஆள் தேடி அலைய வேண்டாம்.

சொல்லை ஆங்கில மூலத்தில் எண்ணுங்கள். வேற்றுமை உருபுகள் பெயரோடு ஒட்டிக்கொள்வதால் 1,000 ஆங்கிலச் சொல் தமிழில் ஏறக்குறைய 700 ஆகிவிடும். தமிழை எண்ணினால் கூலியில் முப்பது சதவீதம் சத்தமில்லாமல் போய்விடும். பக்கக் கணக்கு என்றால் ஒரு பக்கம் 250 சொல் என்று எழுதிவிடுங்கள். அட்டவணை நிறைந்த பக்கமும் படம் போட்ட பக்கமும் ஒன்றல்ல.

சொல் கணக்கில் அடங்காத வேலையும் இருக்கிறது. சர்வே படிவத்தை ஊரில் சோதித்துப் பார்த்த பிறகு இரண்டு கேள்வியைச் சேர்க்கிறீர்கள். மொத்தமே நாற்பது சொல், அதாவது 60 ரூபாய். ஆனால் புதிதாக ஒரு 7ஆம் கேள்வி வந்தால், ‘இல்லை என்றால் 12க்குச் செல்க’ என்று இருப்பதெல்லாம் 13 ஆக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் களப்பணியாளர் தவறான கேள்விக்குப் போய்விடுவார், அந்தப் பதிலெல்லாம் வீண். முழுப் படிவத்தையும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அரை நாள் ஆகிறது. இப்படிப்பட்ட திருத்தத்தை அரை நாளுக்கு 1,000 சொல் என்று மாதக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம், பணம் வரும் தேதி. ‘நிதி கொடுப்பவர் இன்னும் அனுப்பவில்லை’ என்ற பதிலோடு பில் மூன்று மாதம் கிடக்கிறது. உத்யம் பதிவு உள்ள குறுந்தொழில் செய்பவருக்கு, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டி உங்களோடு வழக்காட எங்களுக்கு விருப்பமில்லை. அடிமட்டத் தொகையை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி போட்டுவிடுங்கள், கூடுதல் சொற்களுக்கான பில்லை 45 நாளுக்குள் தீருங்கள்.

திட்டம் முடிவது எங்களுக்கும் தெரிந்ததுதான். நிறுத்துவதானால் இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள், வேறு வேலை பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் எழுதும்போது, சென்ற ஆண்டு எந்த மாதம் எத்தனை சொல் கொடுத்தீர்கள் என்ற பட்டியலை உங்கள் மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து பாருங்கள். அடிமட்டம் எவ்வளவு என்று அதிலிருந்தே முடிவு செய்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்