மொய் நோட்டின் முதல் வரிக்கு நன்றி

பந்தல்காரருக்குக் கணக்குத் தீர்த்தாயிற்று. வாடகைக்கு எடுத்த அண்டாவும் கரண்டியும் போய்ச் சேர்ந்துவிட்டன. மகளுக்கு மட்டும் இடது காதில் வீக்கம் இன்னும் வடியவில்லை, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறோம். காதுகுத்துக்கு வந்தவர்களுக்கும், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவர்களுக்கும் சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தங்கை என்று நாங்கள் வளர்த்த பிள்ளை, தான் ஆண் என்று சொல்லி எனக்குத் தம்பியானான். அதை ஒட்டி ஆடியில் எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். யார் என்ன சொன்னார்கள், எந்த ஊருக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. தம்பி திரும்பி வந்தான், அம்மா கதவைத் திறந்தாள். அது போதும்.

முதல் நன்றி சின்னையாவுக்கு. அப்பாவின் பங்காளி, ரேஷன் கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். நம் வகையறாவில் எந்த விசேஷம் என்றாலும் மொய் எழுத உட்காருபவர் அவர்தான். ஆடிக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. விவரம் சொல்ல நான் போன் செய்தபோது முழுசாகக் கேட்டுக்கொண்டு, "சரி தாயி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று அம்மாவும் நானும் பேசிப் பேசி ஓய்ந்துபோனோம்.

தேனிப் பக்கத்துக் காதுகுத்தில் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. சீர் அவனுடையது, மடி அவனுடையது, நோட்டில் முதல் வரியும் அவனுடையது. எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை என்பதால் பெரியப்பா மகனை மாமனாக உட்காரவைப்பது என்று எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். இப்போது தம்பி இருக்கிறான். ஆனால் 'இருக்கிறான்' என்று நாங்கள் சொல்வது வேறு, ஊர் ஒப்புக்கொள்வது வேறு. பத்திரிகையில் 'தாய்மாமன்' என்று போட்டு அவன் பேரை அச்சடித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

சீர் வந்து இறங்கியது. மேளம், பழத்தட்டுகள், பட்டுப்பாவாடை, ஒரு வெண்கலக் குடம், தம்பி தன் சம்பளத்தில் எடுத்த தோடு. வாசலில் மேசை போட்டு, மஞ்சள் தடவிய புது நோட்டை விரித்து, பிள்ளையார் சுழி போட்டுவிட்டு சின்னையா உட்கார்ந்திருந்தார். தம்பி கவரை நீட்டினான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பேரு பத்திரிகைல போட்டபடிதானே? இனிஷியல் அப்பா பேருதானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றான். மூக்குக்கண்ணாடிக்குக் கீழே பேனா நிதானமாக ஓடியது. அப்புறம் பக்கத்தில் இருந்த மைக்கை இழுத்து, அப்பா பேரைச் சொல்லி, "...அவர்களின் மகன், தாய்மாமன் மொய்!" என்று தொகையையும் தோட்டின் எடையையும் வாசித்தார். வழக்கமான அதே கரகரக் குரல். பந்தலில் ஒரு நொடி சத்தம் குறைந்தது. "அடுத்து யாருப்பா, வரிசையா வாங்க" என்றார் சின்னையா, பந்தி இரைச்சல் திரும்பி வந்துவிட்டது.

அப்பா பேருக்குப் பின்னால் 'மகன்' என்று ஊர் கேட்க ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். சின்னையா, நீங்கள் ஒரு வார்த்தை உபதேசம் செய்யவில்லை, என்னிடம் எதுவும் விசாரிக்கவும் இல்லை. நோட்டில் எழுதினீர்கள். எங்கள் பக்கம் நோட்டில் ஏறியதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. எழுதியவர் தன் வீட்டு விசேஷத்துக்கு அழைத்தாக வேண்டும், வாங்கியவர் அங்கே அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். நான் மாசக்கணக்காகப் போனில் கத்தியும் நகராத ஒன்று ஒரு வரியில் நகர்ந்தது.

உறவினர்களிடம் பேசியதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இதே நிலையில் இருக்கும் இரண்டு மூன்று அக்காமார் என்னிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார்கள். யாரிடம் சொல்வது, எதுவரை சொல்வது என்று முடிவு செய்தவன் தம்பி. அவன் பட்டியல் கொடுத்தான், நான் போன் செய்தேன். குடும்ப வாட்ஸப் குழுவில் போடக் கூடாது என்றான், அது சரியான யோசனை. குழுவில் முதலில் பதில் போடுகிறவர் எந்தத் தொனியில் போடுகிறாரோ, மற்றவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். தனித்தனியாகப் பேசினால் சித்திக்குச் சித்தியுடைய சந்தேகம் மட்டும்தான் வரும்.

எங்கள் வீட்டில் பலரும் முதலில் எடுத்த ஆயுதம் மருத்துவம். "ஹார்மோன் கோளாறுங்க" என்றால் உடனே இரக்கம் கிடைக்கும். ஆனால் அடுத்த கேள்வி தயாராக நிற்கும்: எந்த டாக்டர், எத்தனை நாளில் குணமாகும்? தம்பி போட்டுக்கொள்ளும் ஊசியே ஆண் ஹார்மோன்தான். அதைக் கேள்விப்பட்ட ஒரு அத்தை, "அந்த ஊசியாலதான் பிள்ளை இப்படி ஆயிருச்சு, நிப்பாட்டுங்க" என்று மருந்துக்கடைவரை போய்விட்டார். ஊசி அவனைப் பையனாக்கவில்லை, பையனாக இருந்தவனுக்கு மீசையையும் குரலையும் கொடுத்தது என்று புரியவைக்க ஒரு மாலை முழுக்கப் போயிற்று. உடைந்து கனத்த குரல் ஊசியை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது என்பதையும் அப்போதுதான் சொன்னேன். மருந்தாளுநராக இருக்கும் அத்தை மகன் அன்று உதவிக்கு வந்தான். உலக சுகாதார நிறுவனமே 2019-ல் ஒப்புக்கொண்ட புதிய நோய்ப் பட்டியலில் இதை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது என்று அவன் சொன்னதும் அத்தை கொஞ்சம் இறங்கினார். நன்றிடா.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது மூன்று வரிதான். "பிறந்தப்போ உடம்பைப் பார்த்துப் பொம்பளப் பிள்ளைன்னு சொன்னோம். விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அவனுக்குத் தான் பையன்னுதான் தெரியும். இப்போ வெளியிலயும் அப்படியே இருக்கான்." அப்பத்தாவுக்கு இது போதுமாக இருந்தது. சிலர் மட்டும் அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆபரேஷன் ஆச்சா?" என்பார்கள். "அது அவன் உடம்பு சித்தி, நானே கேக்கறதில்லை" என்று சொல்லிவிட்டு, மழை பெய்ததா என்று கேட்டுவிட வேண்டும்.

திருநங்கை என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், கூவாகம் தெரியும். திருநம்பியைப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் பாதிப்பேர் இதை வேறு எதுவோ என்று நினைத்தார்கள். கல்யாணத்தைத் தட்டிக்கழிக்கப் போடும் நாடகம் என்றார் ஒருவர், வேலைக்குப் போகும் பெண்ணின் திமிர் என்றார் இன்னொருவர். அவர்களுக்கு நியாயம் பேசிப் பயனில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது முறை. நம் வீடுகளில் ஒருவரைக் கூப்பிட முறை தெரியாமல் தண்ணீர்கூடக் கொடுக்க வராது. தங்கை தம்பியானால் எல்லாமே மாறுகிறது: என் மகளுக்குச் சித்தி மாமாவாகிறான், என் வீட்டுக்காரருக்குக் கொழுந்தியா மச்சினன் ஆகிறான். இதைக் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் பலருக்கு வாய் திறந்தது. மகளுக்கு ஐந்து வயது, அவளுக்கு ஒரே நாள்தான் பிடித்தது. "மாமான்னா மடியில உக்காரணும்ல?" என்று அவளாகவே கேட்டாள்.

என் வீட்டுக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தம்பி திரும்பி வந்த அன்று வாசலில் நின்று "வாங்க மாப்ள" என்றார். அதற்கு முன்னால் வாடா போடா என்று யாரையும் விளையாட்டுக்குக்கூடக் கூப்பிடாத மனுஷர், இப்போது அவனைச் சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போகிறார்.

வாத்தியார் மாமாவுக்கும் நன்றி. "சர்க்கார் ஒத்துக்குமா?" என்று கேட்ட பெரியவர்களிடம், தம்பியின் கலெக்டர் ஆபீஸ் சான்றிதழைக் காட்டுவதற்கு முன்னால் அவர் கதை சொல்வார். ஆணா பெண்ணா என்பதை அவரவரே சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு என்று 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சொல்லிவிட்டு, சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வருவார். 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின ஜோடி ஒன்றின் வழக்கில், தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துதான் உத்தரவு எழுதினார், இப்படிப்பட்டவர்களை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை செய்வதற்குத் தடை போட்டார். "ஜட்ஜே போய் உக்காந்து கத்துக்கிட்டாரு, உனக்கு என்னப்பா அவசரம்?" என்பார் மாமா. சட்டத்தைவிட இந்தக் கதைதான் திண்ணைகளில் எடுபட்டது.

பெரியப்பா மகனே, மடி உனக்கு என்று பேசி வைத்திருந்ததை நீயாகவே விட்டுக்கொடுத்து, பத்தர் ஊசியை எடுத்தபோது குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் நின்றாய். தம்பி கண்ணை மூடிக்கொண்டு விட்டான், நீ இல்லாவிட்டால் ஊசி வேறெங்காவது போயிருக்கும். பத்திரிகை அடித்த பிரஸ் அண்ணாச்சி, சமையல் மாஸ்டர், சர்க்கரைத் தட்டோடு ஓடி வந்த அத்தைமார், பழைய பேர் வாயில் வந்ததும் சட்டென்று நிறுத்தித் திருத்திக்கொண்ட அத்தனை பேருக்கும் நன்றி. வராதவர்கள் மேல் கோபம் இல்லை, இலை மிச்சமாயிற்று என்ற வருத்தம்தான்.

சுவரில் பாவாடை சட்டையோடு இருக்கும் பழைய படத்தை அம்மா இன்னும் எடுக்கவில்லை. தம்பியும் எடுக்கச் சொல்லவில்லை. அது அவர்கள் இருவருக்குள் இருக்கிறது, நான் தலையிடப்போவதில்லை. ஆனால் ஒன்று: நம் சொந்தத்தில் எந்த வீட்டிலாவது எந்தப் பிள்ளையாவது இப்படி வந்து நின்றால், ராத்திரி எந்நேரம் ஆனாலும் எனக்குப் போன் செய்யுங்கள். மந்திரவாதியைத் தேடுவதற்கு முன்னால் செய்யுங்கள்.

சின்னையா, தை மாதம் உங்கள் பேத்தி சடங்குக்கு முதல் பத்திரிகை தம்பி பேருக்கே வந்திருக்கிறது. தோட்டின் எடையை நீங்கள் மைக்கில் வாசித்துவிட்டதால், குறைவாகச் செய்ய முடியாமல் இப்போதே சீட்டுக் கட்ட ஆரம்பித்திருக்கிறான். குடும்பத்தோடு வருகிறோம்.