செட்டியார் தெரு நகைக்கடை முதலாளிமாருக்கு: வைட் கோல்டின் கிராம் விலையைப் பிரித்து எழுதுங்கள்

வணக்கம். எங்கள் வீட்டுக் கல்யாண நகை எல்லாம் கொழும்பு செட்டியார் தெருவில்தான் எடுத்தோம், இனியும் அங்கேதான் எடுப்போம். அந்த உரிமையில்தான் நேரே எழுதுகிறேன்.

போன மாதம் என் மருமகளுக்கு ஒரு வைட் கோல்ட் மோதிரம் பார்த்தோம். உள்பக்கம் 750 என்று குத்தியிருந்தது, நிறை 4 கிராம். சுவரில் இருந்த விலைப்பலகையில் 24 கரட்டும் 22 கரட்டும் மட்டும்தான். கடைக்காரர் 22 கரட் விலையை எடுத்து 4ஆல் பெருக்கி, அதற்கு மேல் செய்கூலியும் போட்டார். ஏன் என்று கேட்டால், "வைட் கோல்ட் அப்படித்தான் அம்மா, அதில் விலை கூடின உலோகம் கலக்கிறது" என்றார். என்ன உலோகம் என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை.

750 என்றால் ஆயிரம் பங்கில் 750 பங்கு தங்கம், அதாவது 18 கரட், அவ்வளவுதான். மீதி 250 பங்கு என்ன என்று அந்தக் குத்து ஒரு வார்த்தையும் சொல்லாது. ரோஸ் கோல்டில் அது பெரும்பாலும் செம்பு, கூடவே கொஞ்சம் வெள்ளி. நூற்றுக்கு 22 பங்கு செம்பும் 3 பங்கு வெள்ளியும் என்ற அளவு நல்ல சிவப்பைத் தரும். வைட் கோல்டில் மஞ்சளை அடக்க நிக்கல் போடுவார்கள் அல்லது பல்லேடியம் போடுவார்கள். மூன்றுக்கும் குத்து ஒன்றுதான், 750. இன்னொன்று, 916 தங்கத்தில் மீதி 84 பங்குதான் இருக்கிறது, அது மஞ்சளை அடக்கப் போதாது, அதனால் "22 கரட் வைட் கோல்ட்" என்று யாராவது நீட்டினால் அது மஞ்சள் நகைக்கு மேல் போட்ட பூச்சு என்றே நினைக்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். வசதிக்காகச் சுத்தத் தங்கம் கிராம் 40,000 ரூபா என்று வைப்போம். 18 கரட்டில் ஒரு கிராமில் இருக்கும் தங்கம் 30,000 ரூபா. 22 கரட்டில் 36,640. எங்கள் மோதிரத்தின் தங்கம் 1,20,000 ரூபா. 22 கரட் கணக்கில் கேட்டது 1,46,560. அந்த 26,560 ரூபாவைக் கலப்பு உலோகத்தால் நியாயப்படுத்த முடியுமா? நிக்கல் என்றால் முடியவே முடியாது, செம்பைப் போலவே அதன் பெறுமதியும் சில்லறைதான். பல்லேடியம் விலை ஏறி இறங்கும், 2019க்குப் பிறகு சில காலம் தங்கத்தையே தாண்டியிருந்தது, ஆனால் அதைத் தங்கத்தின் கால்வாசி விலை என்று வைத்து, நூற்றுக்கு 13 பங்கு கலந்தது என்று பிடித்தால், கிராமுக்கு 1,300 ரூபா கூடும். 4 கிராமுக்கு 5,200. அதைத் தர எனக்கு மனக்குறை இல்லை. மீதி 21,360 எதற்கு?

வேலை கூட என்பீர்கள், அது உண்மைதான். பல்லேடியம் கலந்த தங்கம் உருக அதிக சூடு வேண்டும், வார்ப்பு எடுக்கும் பத்தருக்குச் சிரமம். மேலே ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தைப் பூச வேண்டும். ரோடியம் பயங்கர விலைதான், ஆனால் பூச்சு ஒரு மைக்ரோனும் வராது, அது மோதிரத்துக்கு இவ்வளவு என்று வாங்க வேண்டிய காசு, கிராமுக்கு ஏற்ற வேண்டியதல்ல. ஓரிரு வருடத்தில் தேய்ந்து உள்ளே இருக்கும் மங்கல் நிறம் தெரியும், திரும்பப் பூச வேண்டும் என்பதையும் விற்கும்போதே சொல்லுங்கள். இதெல்லாம் செய்கூலியில் எழுதினால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? தங்க விலைக்குள் ஒளித்தால்தான் கோபம் வருகிறது. ரோஸ் கோல்டுக்கும் அதே 22 கரட் விலையைக் கேட்கும் கடைகள் இருக்கின்றன, அங்கே பல்லேடியம் என்ற சாட்டுக்கூட இல்லை.

நிக்கலா பல்லேடியமா என்று சொல்லச் சொல்வது காசுக்காக மட்டும் இல்லை. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு விரல் சிவந்து அரிக்கும், ரோடியம் தேயத் தேய அது கூடும். உங்களிடம் இருக்கும் எக்ஸ்ரே மெஷினில் இரண்டு நிமிட வேலை, என்ன உலோகம் எத்தனை பங்கு என்று திரையிலேயே வரும். ஒன்று மட்டும் கவனம், ரோடியம் பூசின இடத்தில் வைத்தால் கணக்குப் பிசகும், உள்பக்கம் ஓரமாகக் கொஞ்சம் சுரண்டி வைக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான்: பலகையில் 18 கரட் விலையையும் போடுங்கள். பில்லில் மொத்த நிறை, அதற்குள் இருக்கும் தங்கம், கலந்த உலோகத்தின் பெயர், பூச்சுக் காசு, செய்கூலி எல்லாம் தனித்தனியாக வரட்டும். இதே மோதிரத்தை நாளைக்கு மாற்றக் கொண்டுவந்தால் 18 கரட் என்று உரசிப் பார்த்து, தங்கத்துக்கு மட்டும்தான் விலை போடுவீர்கள், பல்லேடியத்தைக் கணக்கிலேயே எடுக்க மாட்டீர்கள். விற்கும்போது அதற்குக் காசு வாங்கியிருந்தால், திரும்ப வாங்கும்போதும் அதற்கு ஒரு விலை போடுங்கள்.